வாடகைக் குறைப்பு கேட்டு ஒரு கடிதம்



கடை வாடகையைக் குறைக்கும்படி உரிமையாளரிடம் கேட்பது குறித்து நம் சமுதாயத்தில் இரண்டு விதமான பேச்சு உண்டு. பேசிய வாடகையில் குறை கேட்பது கையேந்துவதற்குச் சமம் என்பது ஒன்று. கஷ்டகாலத்தில் முழு வாடகையை வாங்குகிறவர் ஈவிரக்கமற்றவர் என்பது மற்றொன்று. இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. வாடகை உரிமையாளரின் ஹக்கு. அதைக் குறைத்துக் கேட்பது, கணக்கைத் திறந்து காட்டி, கால வரம்பு குறித்து, அவர் ‘சரி’ என்றோ ‘இல்லை’ என்றோ சங்கடமின்றிச் சொல்லக்கூடிய வகையில் முன்வைக்க வேண்டிய ஒரு வியாபாரக் கோரிக்கை. அதை எழுத்தில்தான் வைக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நாங்கள் இரு சகோதரிகள். கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சாலையில், முதல் மாடியில், பெண்களுக்கு மட்டுமான அழகு நிலையம் நடத்துகிறோம். தை மாதக் கடைசியில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கவென்று அந்தச் சாலையைத் தோண்டினார்கள். முதலில் ஒரு பக்கம் மட்டும் அடைக்கப்பட்டிருந்தது. ரமலான் முடிந்ததும் முழுச் சாலையையும் அடைத்துவிட்டார்கள். இப்போது குழாய் உள்ளே போய்விட்டது. மேலே ஜல்லி கொட்டியிருக்கிறார்கள். தார் இன்னும் வரவில்லை. ஆடி முடியப் போகிறது.

சாலை வேலையால் எல்லாக் கடைகளுக்கும்தான் வியாபாரம் குறைந்திருக்கிறது. ஆனால் பெண்கள் வந்து போகும் பார்லருக்கு ஏற்படும் குறைவு வேறு வகையானது. அதை உரிமையாளருக்கு விளங்கவைப்பதே கடிதத்தின் முதல் வேலையாக இருந்தது. எதிரில் இருக்கும் இரும்புக் கடைக்கு வாடிக்கையாளர் நடந்து வந்தும் பொருள் வாங்கிவிடுவார். எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஆட்டோவில் வந்து வாசலில் இறங்கி நேரே படியேறுகிறவர்கள். ஆட்டோ தெருமுனையிலேயே நின்றுவிட்டால், குழிமீது போட்ட பலகையில், வேலையாட்கள் நடுவே, கைக்குழந்தையோடு நூறு அடி நடந்து வர வேண்டும். மூட்டுவலிக்காரப் பெரியம்மாக்கள் வருவதில்லை. பல வீடுகளில் கன்னிப் பிள்ளைகளை அந்த வழியே அனுப்புவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. முகத்துக்குப் பூச்சு செய்துகொண்டு வெளியே வந்தவுடன் புழுதி அப்புகிறது என்றால், காசு கொடுத்து வந்தவர் அடுத்த மாதம் எப்படி வருவார்? குழி தோண்டும்போது தண்ணீர்க் குழாய் இரண்டு தடவை உடைந்தது. தண்ணீர் இல்லாத நாளில் தலையில் எண்ணெய் தேய்த்து அலசிவிடும் வேலையே நடக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புருவம் திருத்தும் வேலையை நாங்கள் மார்க்கக் காரணத்தால் ஆரம்பத்திலிருந்தே செய்வதில்லை. மற்ற பார்லர்களுக்கு மாதந்தோறும் தவறாமல் ஆள் வருவது பெரும்பாலும் அதற்காகத்தான். அந்த வருகை எங்களுக்கு இல்லாததால், முடிவெட்டு, தலைக்கு எண்ணெய், முகப்பூச்சு, மருதாணி, மணப்பெண் அலங்காரம் ஆகியவற்றுக்காக மனம் வைத்து வருகிறவர்களை நம்பியே கடை ஓடுகிறது. மனம் வைத்து வருகிறவர்கள், வழி கெட்டால் முதலில் தள்ளிப்போடுகிறவர்கள்.

ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று வெறுமனே சொன்னால் எந்த உரிமையாளரும் நம்ப வேண்டியதில்லை. குறைந்ததைக் காட்ட வேண்டும். எங்களிடம் ஒரு நோட்டு உண்டு. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, பெயர் எழுதுவதில்லை. மாலையில் எண்ணிக் கூட்டிவிடுவோம். இந்த நோட்டை வைத்து எந்த மாதத்தை எந்த மாதத்தோடு ஒப்பிடுவது என்பதில்தான் பலருடைய கணக்கு உடைந்துபோகிறது.

சென்ற மாதத்தை அதற்கு முந்திய மாதத்தோடு ஒப்பிட்டால் பயனில்லை. ‘ஆடியில் எப்போதும் மந்தம்தானே’ என்று உரிமையாளர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். அவர் சொல்வது நியாயமும்கூட. எங்களிடம் வரும் இந்துச் சகோதரிகள் வீட்டில் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. ஆகவே ஆடியை ஆடியோடு வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வாடிக்கையாளரில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்தினர் என்பதால் அதுவும் போதாது. ரமலானில் பகல் முழுதும் கடை காலியாக இருக்கும்; பெருநாளுக்கு முந்திய இரவில் இடம் கொள்ளாது; ஷவ்வாலில் கல்யாணங்கள் தொடங்கும். ஹிஜ்ரி மாதங்களோ ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துவிடுகின்றன. ஆங்கிலத் தேதியை மட்டும் பார்த்துச் சென்ற ஆண்டோடு ஒப்பிட்டால், இந்த ஆண்டின் பெருநாள் வாரம் சென்ற ஆண்டின் நோன்பு நாட்களோடு மோதும். அந்த ஒப்பீட்டில் எங்கள் வியாபாரம் ஏறியிருப்பதாகக்கூடத் தோன்றலாம். அதனால் ஷவ்வாலை ஷவ்வாலோடும் துல்கஃதாவை துல்கஃதாவோடும் வைத்தோம். சென்ற ஆண்டு அந்த மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 11 பேர் வந்திருந்தார்கள். இந்த ஆண்டு 4 பேர். பெருநாள் இரவு மருதாணிக்குச் சென்ற ஆண்டு 62 பேர். இந்த ஆண்டு, சாலையில் ஒரு பக்கம் திறந்திருந்த நிலையிலும், 27 பேர்.

ஒருவர் சராசரியாக 350 ரூபாய்க்கு வேலை செய்துகொள்கிறார். மாதம் 26 நாள் கடை திறந்தால், முன்பு ஏறத்தாழ 1,00,000 ரூபாய் வரவு, இப்போது 36,400. வேலைக்கு இருக்கும் இரண்டு பெண்களுக்குச் சம்பளம் 22,000. அதில் கை வைக்க எங்களுக்கு மனமில்லை. ஒருத்தி தலாக் ஆகி இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறவள். பொருட்களுக்கு 5,500, மின்சாரமும் மற்றவையும் 4,000. மீதி 4,900. மணப்பெண்ணின் வீட்டுக்கே சென்று செய்யும் அலங்காரத்தில் மாதம் சுமார் 6,000 தனியே கிடைக்கிறது. அது முன்பும் கிடைத்தது, இப்போதும் கிடைக்கிறது. ஆக 10,900. வாடகை 18,000.

வீட்டு அலங்கார வருமானத்தைக் கடிதத்தில் சொல்ல வேண்டுமா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. ‘அது கடைக்கு வெளியே சம்பாதிப்பதுதானே, அதை ஏன் காட்ட வேண்டும்?’ என்று உறவினர் ஒருவர் கேட்டார். சலுகை கேட்கிறவர் தன் கையில் இருப்பதை மறைத்துக் கேட்கக் கூடாது என்பது ஒரு பக்கம். மறுபக்கம், ஊரில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் அலங்காரம் செய்தார் என்பது ஒருவருக்கும் தெரியாத செய்தியல்ல. மறைத்த 6,000 ரூபாய் வெளியே வந்தால், மறைக்காத கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அடுத்து, எவ்வளவு காலத்துக்குக் கேட்பது. ‘வேலை முடியும் வரை’ என்று கேட்டால் உரிமையாளருக்குப் பயம் வரும். அது எப்போது என்று யாருக்கும் தெரியாது. சாலையோரத்தில் வேலை விவரப் பலகை இருந்தால் முடிவுத் தேதியைப் பார்க்கலாம். உள்ளாட்சி அலுவலகத்தின் பொறியியல் பிரிவில் நேரில் கேட்கலாம். பதில் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுக் கொடுக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலாக மழையைக் கணக்கில் எடுக்க வேண்டும். குழாய் பதித்தபின் வீட்டு இணைப்புகள் கொடுத்து, குழியை நிரப்பி, மண் இறுகிய பிறகுதான் தார் போடுவார்கள். அதற்குள் ஐப்பசி வந்துவிட்டால், வடகிழக்குப் பருவமழையில் தார் வேலை நின்றுபோகும். புரட்டாசிக்குள் தார் விழாத சாலை பெரும்பாலும் தைக்குத்தான் தார் காணும். எனவே ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை ஆறு மாதம் என்று குறித்தோம்.

அனுப்பிய கடிதம் இது. கட்டட உரிமையாளரை ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்றே அழைப்பர், நாங்களும் அப்படியே.

‘மதிப்பிற்குரிய ஹாஜியார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தந்தருள்வானாக. தங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் ஐந்து ஆண்டுகளாகப் பெண்கள் அழகு நிலையம் நடத்தி வருகிறோம். ஜூலை மாதம் வரையிலான வாடகை முழுவதும் செலுத்தியுள்ளோம், பாக்கி ஏதுமில்லை.

சாலை தோண்டப்பட்டு ஆறு மாதமாகிறது. அதில் நான்கு மாதங்களாக வாகனம் எதுவும் வாசல் வரை வருவதில்லை. சென்ற ஆண்டு ஷவ்வால், துல்கஃதா மாதங்களில் நாளொன்றுக்குச் சராசரியாக 11 பேர் வந்தனர். இந்த ஆண்டு அதே மாதங்களில் 4 பேர். வருகை நோட்டின் நகலும், மாத வரவு செலவும் இத்துடன் உள்ளன. வீடுகளுக்குச் சென்று செய்யும் வேலையின் வருமானத்தையும் அதில் சேர்த்துள்ளோம். எல்லாச் செலவும் போக மாதம் 10,900 ரூபாய் மிஞ்சுகிறது. வாடகை 18,000 ரூபாய். இதுவரை குறைந்ததைச் சேமிப்பிலிருந்து ஈடுகட்டினோம், அது தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் முதல் ஜனவரி முடிய ஆறு மாதங்களுக்கு மாதம் 9,000 ரூபாய் செலுத்த அனுமதிக்கும்படி வேண்டுகிறோம். குறையும் 9,000 ரூபாயில் 4,500 ரூபாயைத் தாங்கள் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. மற்ற 4,500 ரூபாய் எங்கள் மீது கடனாக நிற்கும். ஆறு மாதத்தில் அது 27,000 ரூபாயாகும். பிப்ரவரி முதல், முழு வாடகையுடன் மாதம் 3,000 ரூபாய் வீதம் ஒன்பது மாதங்களில் அதைத் தீர்த்துவிடுவோம். ஜனவரிக்கு முன்பே ஆட்டோ வாசல் வரை வரத் தொடங்கிவிட்டால், அதற்கு அடுத்த மாதத்தோடு இந்தக் குறைப்பு முடிந்துவிடும்.

தங்களுக்கும் இந்த வாடகையை நம்பிச் செலவுகள் உண்டு என்பதை அறிவோம். கோரிக்கையில் எதை ஏற்க இயலும், எதை இயலாது என்பதைத் தாங்கள் தாராளமாகச் சொல்லலாம். தாங்கள் பதில் தரும் வரை வழக்கமான வாடகையையே செலுத்துவோம்.

வஸ்ஸலாம்.’

கடைசி வாக்கியம் தேவைதானா என்று பலரும் கேட்டார்கள். தேவை என்றே கருதுகிறோம். ‘சாலை சரியாகும்வரை தரமாட்டோம்’ என்று வாடகையை நிறுத்துகிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறோம். அதற்குச் சட்டத்தில் இடமில்லை. குத்தகைக்கு விட்ட சொத்தின் முக்கியப் பகுதி தீ, வெள்ளம் போன்ற தடுக்க முடியாத சக்தியால் அழிந்தோ நிரந்தரமாகப் பயனற்றோ போனால், வாடகைதாரர் ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் வழி தருகிறது. தற்காலிகமாக வழி அடைபட்டது அதில் அடங்காது. கடை அப்படியேதான் இருக்கிறது. கொரோனா ஊரடங்கின்போது, 2020இல், தில்லி உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில்கூட, ஊரடங்கைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்திவைக்க அனுமதி கிடைக்கவில்லை. செலுத்துவதற்குக் கொஞ்சம் அவகாசமே கிடைத்தது. ஊரே அடைந்து கிடந்ததற்கு அந்த நிலை என்றால், ஒரு சாலை அடைந்ததற்கு என்ன சொல்ல? தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டத்தின்படி, இரண்டு மாத வாடகை பாக்கி நின்றாலே காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றத்துக்குப் போகும் வழி உரிமையாளருக்குத் திறந்துவிடுகிறது. கேட்கும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பவரிடம் அந்த ஆயுதம் செல்லாது. பாக்கி வைத்துவிட்டுச் சலுகை கேட்பவர் கத்தியின் கீழ் நின்று பேசுகிறார்.

மார்க்கத்தின் பக்கமும் இதையொட்டியே இருக்கிறது. கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும், விட்டுக்கொடுத்துவிடுவது அதைவிடச் சிறந்தது என்ற கருத்துள்ள அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனத்தை உரிமையாளர்களிடம் எடுத்துக்காட்டுவோர் உண்டு. அது ஏற்கெனவே ஏறிவிட்ட பாக்கியைப் பற்றிப் பேச உதவும். இனி வரப்போகும் மாத வாடகையோ இன்னும் கடனாகவில்லை. அதை இருவரும் மனமொத்து மாற்றிக்கொள்ளலாம், மாற்றாமலும் இருக்கலாம். ஃபிக்ஹிலும் இதில் ஒரே பேச்சு இல்லை. கடைத்தெருவில் வியாபாரத்துக்காகக் கடையை வாடகைக்கு எடுத்தவரின் முதல் அழிந்துபோனால், அந்தத் தடையைக் காரணமாகக் கொண்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. வாடகைப் பொருளிலேயே குறை ஏற்பட்டாலன்றி முறிக்க முடியாது என்பது ஷாஃபி மத்ஹபின் நிலை. நம் ஊர்களில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். கவனித்துப் பார்த்தால், ஹனஃபி கூறுவதும் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் வழியைத்தான். கடையையும் வைத்துக்கொண்டு வாடகையையும் நாமே குறைத்துக்கொள்ளும் வழியை அல்ல. இதனால்தான் கடிதத்தில் வசனம் எதையும் எழுதவில்லை. எழுபது வயதான ஒருவருக்கு அவர் கடமையை நாம் ஓதிக் காட்டுவது போலாகிவிடும். ஜமாஅத்துப் பெரியவர்களைத் துணைக்கு அழைக்காததற்கும் அதுவே காரணம். நான்கு பேர் முன்னால் ‘சரி’ சொன்னவர், மனதார ஒத்துக்கொண்டார் என்று நாம் எப்படி அறிவோம்?

கட்டடத்தைக் காலி செய்துவிடுவோம் என்ற சொல்லையும் கடிதத்தில் வைக்கவில்லை. நாங்கள் போனால் முன்பணம் 1,80,000 ரூபாயை அவர் உடனே திருப்பித் தர வேண்டும். குழி வெட்டிய சாலையில் மாடிக் கடைக்குப் புதிதாக ஆள் கிடைப்பதும் எளிதல்ல. மூன்று மாதம் பூட்டிக் கிடந்தால் 54,000 ரூபாய் போய்விடும். நாங்கள் கேட்ட தள்ளுபடி 27,000. ஆண்டு வாடகையில் எட்டில் ஒரு பங்கு. இந்தக் கணக்கு அவருக்குத் தெரியாததல்ல. மூன்று கடைகளை முப்பது ஆண்டாக வாடகைக்கு விடுகிறவர். நாம் எடுத்துச் சொன்னால் அது மிரட்டலாகும். அவராக நினைத்துப் பார்த்தால் யோசனையாகும்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. கடிதமாக அல்ல, ஆளாக. ஹாஜியார் வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்த தம் மகனோடு பலகைமேல் நடந்து வந்தார். ‘நானே இன்றைக்குத்தான் பிள்ளைகளா இந்த வழியைப் பார்க்கிறேன்’ என்றார். கணக்குத் தாளை அவர் பார்க்கவில்லை. மகன்தான் வரிவரியாகப் பார்த்தார். அந்தச் சந்திப்பில் எழுந்த மூன்று யோசனைகள் இதைப் படிக்கும் பலருக்கும் எதிர்ப்படக்கூடியவை.

மகன் முதலில் சொன்னது: முன்பணத்திலிருந்து மாதம் 9,000 கழித்துக்கொள்ளலாம். கேட்பதற்குச் சலுகை போல இருக்கும். ஆனால் அது எங்கள் பணமே எங்களுக்குத் திரும்புவது. உரிமையாளர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய பாதுகாப்புத் தொகை குறைகிறது. பின்னாளில் அதை நாங்கள் நிரப்பியாக வேண்டும். தவணை தருவதற்கு இது ஒரு மாற்று வழி, அவ்வளவுதான். வேறு வழியே இல்லாதவர்கள் ஏற்றுக்கொள்ளலாம், தள்ளுபடி என்று நினைத்துக்கொள்ளாமல்.

இரண்டாவது, நம்மவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய ஒன்று. ‘முன்பணத்தை ஒரு லட்சம் உயர்த்திக் கொடுங்கள், வாடகையை நிரந்தரமாக 4,000 குறைத்துக்கொள்கிறேன்’ என்றார் மகன். நல்ல மனதோடுதான் சொன்னார். தமிழ்நாட்டில் இது தினமும் நடக்கிற பேரம். முன்பணம் என்பது உரிமையாளர் செலவழித்துவிட்டுப் பிறகு திருப்பித் தரும் பணம். பெயர் எதுவானாலும் தன்மையில் அது கடன். கடனை அதிகமாகக் கொடுத்ததற்குப் பிரதியாக மாதம் 4,000 ரூபாய் ஆதாயம் பெற்றால், கடன் கொடுத்தவருக்குக் கிடைத்த அந்த ஆதாயம் வட்டியின் வாசலில் வந்து நிற்கிறது. ஒத்திக்கு வீடு பிடிப்பதை உலமாக்கள் பலர் கண்டிப்பது இதே காரணத்தால்தான். இதை விளக்கியபோது ஹாஜியாரே மகனைப் பார்த்து, ‘அது வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார். கடனாக நிறுத்திவைக்கும் தொகைக்குத் தாமதக் கட்டணம் எதுவும் சேர்க்கக் கூடாது என்பதையும் அப்போதே பேசி முடித்துக்கொண்டோம்.

மூன்றாவது ஹாஜியார் கேட்டது: ‘தள்ளுபடி செய்வதை இந்த வருஷ ஜகாத்தில் வைத்துக்கொள்ளலாமா?’ இதைக் கேட்டபோது எங்களுக்குச் சற்றுத் தயக்கமாக இருந்தது. ஆம் என்று சொன்னால் எங்களுக்கே இலாபம். கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு அதை ஜகாத்தாகக் கணக்கிடுவதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. ஜகாத் என்பது கையிலிருந்து கொடுக்கப்பட வேண்டியது. வராத பணத்தை விட்டுவிடுவது கொடுத்ததாக ஆகாது. அதோடு, இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கடை நடத்தும் நாங்கள் ஜகாத் பெறத் தகுதியானவர்களா என்ற கேள்வியும் இருக்கிறது. ஸதக்காவாக நிய்யத் வைத்துக்கொள்ளலாம் என்றும், எதற்கும் இமாமிடம் கேட்டுக்கொள்ளும்படியும் சொன்னோம்.

இறுதியில் ஆறு மாதம் நான்கு மாதமானது. மாதம் 9,000 வாடகை, 4,500 தள்ளுபடி, 4,500 கடன். நவம்பர் முடிய 18,000 ரூபாய் சேரும். டிசம்பரில் சாலையைப் பார்த்துவிட்டு மீண்டும் பேசுவது. சாலை திறந்தபின் அந்தக் கடனை மாதம் 3,000 வீதம் ஆறு தவணையில் தீர்ப்பது. எங்களுக்கு இது முழுத் திருப்தி என்று சொல்ல முடியாது. ஐப்பசி மழையைப் பற்றி நாங்கள் சொன்னதை மகன் அவ்வளவாக ஏற்கவில்லை. இருந்தாலும் மாதம் 1,900 ரூபாயாவது மிஞ்சும் நிலைக்கு வந்திருக்கிறோம். வேலைக்கு இருக்கும் பிள்ளைகளை நிறுத்த வேண்டியதில்லை.

பேசியதை அன்றே இரண்டு தாளில் எழுதி, பழைய வாடகை ஒப்பந்தத்தின் தேதியைக் குறிப்பிட்டு, அதன் தொடர்ச்சி என்று சொல்லி, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம். ‘நம்பிக்கை இல்லையா?’ என்று மகன் சிரித்தார். நம்பிக்கை இருக்கிறது. ஆயுசுக்குத்தான் எவரிடமும் உத்தரவாதம் இல்லை. ஹாஜியாருக்குப் பின் மூன்று பிள்ளைகள், இரண்டு மருமகன்கள். வாயால் தந்த சலுகை அவர்கள் கண்ணுக்குப் பாக்கியாகத்தான் தெரியும். தவணைக் கடனைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்ளச் சொன்ன மார்க்கம் நம்முடையது. எழுதக் கேட்பதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

ரசீது விஷயத்தில் மட்டும் இன்னொரு கவனம் வேண்டும். மாதம் 9,000 ரூபாய் கொடுத்ததும், வழக்கம்போல ‘வாடகைக் கணக்கில் 9,000 ரூபாய் வரவு’ என்று ரசீது எழுதினால், மீதி 9,000 பாக்கி என்றே அது பொருள்படும். நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் 36,000 ரூபாய் பாக்கி, அதாவது இரண்டு மாத வாடகை, காகிதத்தில் ஏறி நிற்கும். ‘இன்ன தேதியிட்ட ஒப்புதலின்படி இந்த மாதத்துக்கு 9,000 பெறப்பட்டது, 4,500 தள்ளுபடி, 4,500 பிற்பாடு செலுத்த வேண்டியது’ என்று எழுதி வாங்க வேண்டும். வங்கி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ அனுப்புகிறவர்கள், அனுப்பிய அன்றே இதே வாசகத்தை உரிமையாளருக்குச் செய்தியாக அனுப்பி, அவருடைய பதிலை அழிக்காமல் வைத்துக்கொள்ளலாம். எங்கள் முதல் ரசீதை ஹாஜியார் தம் கையாலேயே அப்படி எழுதித் தந்தார்.